இருட்டுக் கொரிடோருக்குக் கண்ணாடி போட்ட கதை: 35,000 ரூபா குடுத்துப் படிச்சது

எங்கட வீடு திருமலை டவுனுக்குள்ள, டொக்யார்ட் வீதியில இருந்து உள்ளுக்குப் போற ஒரு ஒழுங்கையில இருக்கு. காணி ஒடுக்கம், அதால வீடும் ஒடுக்கம். முன்னுக்கு ஹோல், பின்னுக்குக் குசினி, ரெண்டுக்கும் நடுவில 18 அடி நீளத்தில ஒரு கொரிடோர். அகலம் மூண்டேகால் அடிதான், ரெண்டு பேர் எதிரும் புதிருமா வந்தா ஒருத்தர் சுவரோட ஒட்டி நிக்க வேணும். இடது கைப் பக்கம் ரெண்டு அறை, வலது கைப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரோட பொதுச் சுவர், அதில யன்னல் வைக்கிற கதைக்கே இடமில்லை. ஹோல் கிழக்குப் பாத்தது எண்டதால விடிய ஒன்பது மணி வரைக்கும் முன் வாசலால கொஞ்சம் வெளிச்சம் உள்ள வரும், அதுக்குப் பிறகு பகல் பன்னிரண்டு மணிக்கும் லைற் போடாம நடக்கேலாது. மாமிக்கு 74 வயசு, ஒரு கண் ஒப்பரேசன் செய்தவ, பகல்லயே சுவரைத் தடவித் தடவித்தான் பாத்ரூமுக்குப் போவா. அதைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு இந்தக் கண்ணாடி யோசனை வந்தது.

அவர் கட்டார்ல. வீட்டு வேலை, பாஸ்மாரோட கதைக்கிறது, கடைக்குப் போறது எல்லாம் நான்தான். கேக்க ஆள் இல்லை, வீடியோவுல பாத்ததை வச்சு இறங்கிட்டன். எல்லா வீடியோவிலயும் ஒரே கதைதான், பெரிய கண்ணாடி ஒண்டு போடுங்க, இடம் ரெண்டு மடங்காத் தெரியும், வெளிச்சம் ரெண்டு மடங்காகும் எண்டு. எங்க போடுறது எண்டு ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்ல. நான் என்ன யோசிச்சன் எண்டா, கொரிடோர் முடியிற இடத்தில ஒரு வெறுஞ்சுவர் இருக்கு, குசினிக்கு இடது பக்கமாத் திரும்பிற இடம், அந்தச் சுவர் நேரா முன் வாசலைப் பாக்குது, அதில போட்டா வாசல் வெளிச்சம் பட்டுத் திரும்பி வரும்தானே. கேக்கச் சரிபோலத்தான் இருக்கும். ஆவணி மாசம் 3 அடிக்கு 6 அடி, 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒண்டு ஓடர் குடுத்தன். விளிம்பு தீட்டினதோட 24,500 ரூபா. பட்டா லொறிக்கு 2,500, பாஸுக்கு 4,000, சிலிக்கன் ரெண்டு டியூப் 1,800. எழுதேக்கயே வயிறு எரியுது.

போட்டு முடிஞ்சு பாஸ் போன பிறகு ஹோல்ல நிண்டு பாத்தன். என்ன சொல்றது, கொரிடோர் அகலமாகேல்ல, நீண்டிட்டு. 18 அடி இருந்தது 36 அடி குகை மாதிரி, அந்தக் குகையின்ர மற்ற முனையில ஒரு சின்ன வெள்ளைச் சதுரம், அது எங்கட முன் வாசல்தான், அதுக்கு நடுவில கறுப்பா ஒரு உருவம், அது நான். வெளிச்சம் இருக்குதான், ஆனா அது கண்ணாடிக்குள்ள தூரத்தில ஒரு புள்ளியா இருக்கு. அந்தப் புள்ளி பளிச்செண்டு இருக்கிறதால கண் அதுக்குப் பழகி, ரெண்டு பக்கச் சுவரும் முந்தியை விட இருட்டாத் தெரிஞ்சிது. எனக்கு அழுகை வராத குறை. ஆனா காசு போட்டாச்சே, பாக்கப் பாக்கப் பழகிடும் எண்டு மனசைத் தேத்திக்கொண்டன்.

நாலாம் நாள் ராவு மாமி பாத்ரூமுக்கு எழும்பினவ, கொரிடோர்ல நிண்டு என்னைக் கூப்பிடுறா. "பிள்ளை, ஆரோ ஒரு கிழவி வந்து நிக்கிறா, உள்ள வந்து இருக்கச் சொல்லு." நான் போய்ப் பாக்கேக்க கண்ணாடியைப் பாத்துத் தலையாட்டிக்கொண்டு நிக்கிறா. அண்டைக்குச் சிரிச்சிட்டம். பிறகொரு நாள் அந்தப் பக்கம் இன்னொரு வழி இருக்கெண்டு நினைச்சு நேரா நடந்து போய் நெத்தி முட்டினா, அதோட சிரிப்பு நிண்டுட்டு. கண்ணாடியின்ர கீழ் விளிம்பு தரையில இருந்து அரை அடிதான், அதால பாக்கிறவைக்கு அது ஒரு வாசல் போலத்தான் இருக்கும். வயசு போன ஆக்கள், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில நடக்கிற வழிக்கு நேர எதிர இப்படித் தரை மட்டக் கண்ணாடி வைக்காதீங்க. வைக்கத்தான் வேணுமெண்டா, குறைஞ்சது ரெண்டரை அடி உயரத்தில தொடங்குங்க, அப்பதான் கீழ சுவர் தெரியும், அது வழி இல்லை எண்டு மூளைக்கு விளங்கும்.

இதுக்கு மேல இன்னொரு பிரச்சினை, எனக்குத் தெரியாமலே உள்ளுக்குள்ள நடந்துகொண்டு இருந்திருக்கு. கார்த்திகை, மார்கழி இங்க மழை எப்படியெண்டு தெரியும்தானே, துவைச்ச உடுப்பு மூண்டு நாளைக்குக் காயாது, உப்புப் போத்தலுக்குள்ள உப்புக் கரைஞ்சு நிக்கும். தை பிறக்கேக்க கண்ணாடியைத் துடைக்கப் போனா, நடுவில ஆறு இடத்தில தேத்தண்ணிக் கறை மாதிரி மண்ணிறப் பொட்டு. துடைச்சா போகுதில்லை. நகத்தால சுரண்டினா முன் பக்கம் ஒண்டுமில்லை, கறை கண்ணாடிக்குப் பின்னால. ஒரு கிழமையில நடு கறுத்து, ஓரம் மண்ணிறமாப் பரவத் தொடங்கிட்டு. எண்ணிப் பாத்தன், பாஸ் சிலிக்கன் அப்பின இடம் சரியா ஆறு.

பிறகுதான் கண்ணாடிக்கடையில ஒரு வயசான ஐயாட்டப் போய்க் கேட்டன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒட்டேக்க வினாகிரி மணம் வந்ததா தங்கச்சி?" வந்ததுதான், ரெண்டு நாளா வீடு முழுக்க அச்சாறு போட்ட மாதிரி மணந்தது, எனக்கு நல்லா ஞாபகம். அவர் சொன்னது இதுதான். சாதாரண சிலிக்கன் காயேக்க அசற்றிக் அமிலம் விடும், அதுதான் அந்த மணம். கண்ணாடியின்ர முதுகில மெல்லிய வெள்ளிப் பூச்சும் அதுக்கு மேல பெயின்ற்றும்தான் இருக்கு, அந்த அமிலம் பெயின்ற்றைத் தாண்டி வெள்ளியைத் தின்னும். பாத்ரூம் ரைல்ஸுக்கு அந்தச் சிலிக்கன் பிழையில்லை, முகம் பாக்கிற கண்ணாடிக்கு ஆகாது. கண்ணாடிக்கு நியூட்ரல் எண்டு டியூப்பில எழுதியிருக்கிறதுதான் வாங்க வேணும், விலை கொஞ்சம் கூட, மணம் அவ்வளவா இராது. பாஸிட்ட விட்டா கையில இருக்கிறதைத்தான் அப்புவார், அவரில பிழை சொல்லேலாது, அவருக்கு எல்லாம் சிலிக்கன்தான். அதால டியூப்பை நீங்களே வாங்கிக் குடுங்க. சந்தேகமெண்டா ஒரு சொட்டைக் கடதாசியில வச்சு மணந்து பாருங்க, மூக்கில புளிப்பு ஏறினா அந்த டியூப்பைத் திருப்பிக் குடுத்துடுங்க.

எங்கட ஊர்ல இன்னொண்டும் இருக்கு, கடல் காத்து. பின் பூச்சு எவ்வளவு நல்லதா இருந்தாலும் வெட்டின விளிம்பில வெள்ளி வெளிய தெரிஞ்சுகொண்டுதான் இருக்கும், உப்பு ஈரம் அந்த விளிம்பாலதான் உள்ள போகும். பழைய வீடுகள்ல கண்ணாடியைச் சுத்திக் கறுப்பு ஓரம் பிடிச்சிருக்கிறதைப் பாத்திருப்பீங்க, அது இதுதான். ஐயா சொன்னபடி ரெண்டாம் தரம் வாங்கின கண்ணாடிக்கு விளிம்பு சுத்திவர மெல்லிசா வார்னிஷ் பூசினன், காய ஒரு நாள் விட்டன். துடைக்கேக்கயும் கண்ணாடியில நேர ஸ்ப்ரே அடிக்கிறதில்லை. அடிச்சா தண்ணி வழிஞ்சு கீழ் விளிம்பில போய்த் தேங்கும், பிறகு முதலாவதாக் கறுக்கிறது அந்த விளிம்புதான். துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைக்கிறன், அவ்வளவுதான்.

பழசைக் கழட்டினது தனிக் கதை. 5 மில்லிமீட்டர் கண்ணாடி, 3 அடிக்கு 6 அடி எண்டா 21 கிலோ வரும். சிலிக்கன் பிடிச்சா நெம்பி எடுக்க ஏலாது, நெம்பினா கண்ணாடி உடையும், இல்லாட்டி சுவரில பூச்சு பேந்து வரும். முதல்ல முன் பக்கம் முழுக்க மாஸ்கிங் ரேப்பைக் குறுக்கும் நெடுக்குமா ஒட்டினம், உடைஞ்சாலும் துண்டு பறக்காம ரேப்போட நிக்கும் எண்டு. பிறகு பக்கத்து வீட்டு அண்ணன், கடலுக்குப் போறவர், தடிச்ச தங்கூசி ஒரு பாகம் குடுத்தார். ரெண்டு முனையிலயும் தடி கட்டி, கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில விட்டு, வாள் இழுக்கிற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்தம். சூடேறி ரெண்டு தரம் தங்கூசி அறுந்திட்டு, பிறகு மெல்லிய முறுக்குக் கம்பியால இழுத்துத்தான் மிச்ச நாலு பொட்டையும் அறுத்தது. ரெண்டு பேர் பிடிச்சிருக்க, ஒருத்தர் இழுக்க, ஒண்டரை மணித்தியாலம் போச்சு. கூலி 3,000. ஆகமொத்தம் அந்த முதல் கண்ணாடியில 35,800 ரூபா போச்சு. அண்டைக்கு ராவு அவர் வீடியோ கோல்ல வந்து "இனியும் கண்ணாடி வேணுமா?" எண்டு கேக்கேக்க நான் பதில் சொல்லாம வச்சிட்டன்.

ஆனா விடேல்ல. இந்த முறை முதல்ல காசில்லாத வேலையைச் செய்தன். மகளுக்குப் பதினொரு வயசு, அவளிட்ட ஒரு அடிச் சதுரத்தில ஒரு சின்னக் கண்ணாடியைக் குடுத்து, வலது பக்கச் சுவரில தட்டையா அழுத்திப் பிடிச்சுக்கொண்டு மெல்ல மெல்ல நகரச் சொன்னன். நான் குசினி வாசல்ல நிண்டன், பிறகு மாமியின்ர அறை வாசல்ல, பிறகு நடுவில. எந்த இடத்தில அவள் பிடிக்கேக்க கண்ணாடிக்குள்ள எனக்கு வெளிச்சம் தெரியுதோ, அந்த இடத்தில பென்சிலால ஒரு புள்ளி. அரை மணித்தியாலத்தில சுவர் முழுக்கப் புள்ளி, அதைப் பாத்தா விளங்கிடும். புள்ளி எல்லாம் ஹோல் பக்கம் முதல் ஆறு அடிக்குள்ளயே குவிஞ்சு கிடந்தது. குசினிப் பக்கம் ஒண்டுகூட இல்லை. நான் ஏதோ இருட்டான இடத்திலதான் கண்ணாடி போட வேணும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன், போட வேண்டியது வெளிச்சம் விழுற இடத்தில. அங்க சரிவா விழுற வெளிச்சத்தைத்தான் கண்ணாடி உள்பக்கத்துக்குத் தள்ளி விடும். முடிவுச் சுவரில நேருக்கு நேர் போட்டா, வந்த வெளிச்சம் வந்த வழியாலயே திரும்பி வாசலுக்குப் போயிடும், பக்கச் சுவருக்கு அதில ஒண்டும் கிடைக்காது.

இதில எனக்குப் பிடிச்ச ஒரு கணக்கு இருக்கு. கொரிடோருக்கு நடுவில நிண்டு பக்கச் சுவரில இருக்கிற கண்ணாடியைப் பாத்தா, கண்ணாடி எவ்வளவு தூரத்தில இருக்கோ அதைப்போல மூண்டு மடங்கு தூரத்தில இருக்கிற எதிர்ப்பக்கம்தான் அதுக்குள்ள தெரியும். நாலு அடி முன்னால இருக்கிற கண்ணாடிக்குள்ள பன்னிரண்டு அடி முன்னால இருக்கிற எதிர்ச்சுவர் தெரியும். ஏனெண்டா நடுவில இருந்து கண்ணாடிக்குப் பாதி அகலம், அங்கயிருந்து எதிர்ச்சுவருக்கு முழு அகலம், கண்ணாடியில பட்ட கோணத்திலயே பார்வை திரும்பிறதால பிறகு போற தூரம் முதல் தூரத்தின்ர ரெண்டு மடங்கு. நான் மாமியின்ர அறை வாசல் பக்கம், ஹோல்ல இருந்து 12 அடி உள்ளுக்கு நிண்டு பாத்தா, ஆறு அடி முன்னால இருக்கிற கண்ணாடிக்குள்ள 18 அடி முன்னால இருக்கிறது தெரியும், அதாவது ஹோலுக்குள்ள. கொரிடோர் சுவர் அங்க முடிஞ்சிடுது, அதால பார்வை இன்னும் தள்ளிப் போய் முன் யன்னலில விழுது. பொதுச் சுவரில ஒரு யன்னல் திறந்த மாதிரி இருக்கும். உங்கட வீட்டிலயும் ரேப் அளவுகோல் ஒண்டை வச்சு இந்த மூண்டு மடங்கைப் போட்டுப் பாருங்க, கடைக்குப் போக முந்தியே அரைவாசி தெரிஞ்சிடும்.

இதே காரணத்தால ஹோல்ல இருந்து உள்ளுக்குப் போறவைக்கு அதே கண்ணாடி அவ்வளவு பளிச்செண்டு இராது. அவைக்கு மூண்டு மடங்கு தூரத்தில தெரியிறது கொரிடோரின்ர உள்பக்கச் சுவர். அந்தச் சுவர் எப்படி இருக்கோ கண்ணாடியும் அப்படித்தான் இருக்கும். எங்கட இடது பக்கச் சுவர், இடுப்பளவுக்குப் பளபளப்பான கடும் பச்சை, அழுக்குத் தெரியாதெண்டு மாமாவின்ர காலத்தில அடிச்சது. சின்னக் கண்ணாடியை வச்சுப் பாக்கேக்க அதுக்குள்ள பச்சையும் இருட்டும்தான் தெரிஞ்சிது. அப்பதான் எனக்கு உறைச்சிது, கண்ணாடி போடுறதுக்கு முதல் அதுக்கு எதிர்ச்சுவரையும் மேல சீலிங்கையும் வெள்ளையாக்க வேணும். நல்ல கண்ணாடி பட்ட வெளிச்சத்தில பத்தில ஒன்பது பங்கு கிட்டத் திருப்பி அனுப்பும், ஆனா நல்ல வெள்ளைப் பெயின்ற்றும் எட்டுப் பங்கு கிட்ட அனுப்பும், வித்தியாசம் நாங்க நினைக்கிற அளவு இல்லை. கண்ணாடி ஒரு திசைக்கு அனுப்பும், வெள்ளைச் சுவர் எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். கண்ணாடி தள்ளி விட்ட வெளிச்சம் போய் விழுற இடம் கடும் பச்சையெண்டா அது அங்கயே செத்துப்போகும். 8,600 ரூபாவுக்கு மினுக்கமில்லாத வெள்ளை அடிச்சம், ரெண்டு கோட். உண்மையைச் சொன்னா, அண்டைக்கே அரைவாசி வித்தியாசம் வந்துட்டு. காசு குறைவெண்டா பெயின்ற்றோட நிப்பாட்டி ஒரு மாசம் இருந்து பாருங்க, கண்ணாடி தேவையா இல்லையா எண்டு அப்பத் தெரியும்.

புள்ளி போடுற வேலையை விடிய எட்டு மணிக்குச் செய்யாதீங்க. நான் முதல்ல அப்படித்தான் செய்தன், கிழக்கு வெயில் நேரா உள்ள அடிக்கிற நேரம் எங்க பிடிச்சாலும் கண்ணாடி மின்னும், எல்லா இடமும் நல்லதாத்தான் தெரியும். பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பச் செய்தா புள்ளியில பாதி காணாமப் போச்சு. உங்கட வீட்டில எது இருட்டு நேரமோ அந்த நேரம் பாருங்க. விடிய வெயில் நேரப் படுற இடத்தில கண்ணாடி இருந்தா கண்ணுக்குள்ள குத்தும், எங்களுக்கு இப்பவும் காலமை ஒரு இருபது நிமிசம் குத்துது, ஹோல் கேர்ட்டினை இழுத்து விடுறன்.

இடம் முடிவானதும் அதே அளவுக்கு மாஸ்கிங் ரேப்பால சுவரில சதுரம் போட்டு, மகளை அதுக்குள்ள சின்னக் கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லிட்டு நான் ஹோல் செற்றியில போய் இருந்து பாத்தன். அவளின்ர கட்டில் தெரியுது! முதல் அறை வாசல் அந்தப் பக்கம்தான், வாற போற ஆக்கள் எல்லாரும் செற்றியில இருந்துகொண்டு அவளின்ர அறைக்குள்ள பாக்கலாம். மகள் அழத் தொடங்கிட்டாள், நியாயம்தானே. சதுரத்தை முக்கால் அடி ஹோல் பக்கம் இழுத்தன், செற்றியில இருந்து பாத்தா இப்ப கதவு நிலை மட்டும்தான் தெரியும். கடையில வெட்டி முடிஞ்ச பிறகு இதைக் கண்டிருந்தா இன்னொரு 25,000 போயிருக்கும். வீட்டில ஆக்கள் இருக்கிற ஒவ்வொரு இடத்திலயும் இருந்து பாருங்க, கட்டிலும் பாத்ரூம் கதவும் தெரியாம இருந்தா காணும்.

பெரிய ஒரே கண்ணாடி வேண்டாமெண்டு இந்த முறை ரெண்டாப் பிரிச்சன், ரெண்டும் ரெண்டரை அடி அகலம், நாலு அடி உயரம். ஒண்டு பன்னிரண்டு கிலோக்கு உள்ள வரும், ரெண்டு பேர் வடிவாத் தூக்கலாம், ஒழுங்கைக்குள்ளால கொண்டு வரலாம், பிறகு ஒண்டு பழுதானாலும் ஒண்டைத்தான் மாத்த வேணும். தரையில இருந்து ரெண்டரை அடியில தொடங்கி ஆறரை அடியில முடியுது, நிக்கிற ஆளுக்கும் மாமி மாதிரிக் கூனி நடக்கிற ஆளுக்கும் கண் மட்டத்தில கண்ணாடி இருக்கு. சட்டம் போடேல்ல. கடையில மரச் சட்டம் போடச் சொல்லி வற்புறுத்தினவங்க, ஆனா மூண்டேகால் அடிக் கொரிடோர்ல ரெண்டு இஞ்சி தள்ளிக்கொண்டு நிக்கிற சட்டம் முழங்கையைத்தான் பதம் பாக்கும், அதோட அது சுவரில ஒரு சாமான் தொங்கிற மாதிரித் தெரியுமே ஒழிய சுவர் திறந்த மாதிரித் தெரியாது.

பூட்டின விதம்: கீழ அலுமினியச் சட்டம் ஒண்டை ரோல் பிளக் அடிச்சு மட்டம் பாத்து இறுக்கி, அதில கண்ணாடியை இருத்தி, மேல ரெண்டு கிளிப். பாரம் முழுக்கக் கீழச் சட்டத்தில. நியூட்ரல் சிலிக்கன் சும்மா ஆடாம இருக்க மட்டும், அதையும் பொட்டுப் பொட்டா அப்பாம நெட்டுக் கோடா நாலு இழுத்தம், அப்பதான் பின்னால காத்துப் போய்வரும், ஈரம் தேங்காது. அதுக்கு முதல் சுவரில ஈரம் இருக்கோ எண்டு பாத்தது நல்லதாப் போச்சு. ஒரு அடிப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப் அடிச்சு ஒரு நாள் விட்டு, உள்பக்கம் நீர் முத்து பிடிச்சிருக்கோ எண்டு பாக்கிறது. முன் ஆறு அடியும் காய்ஞ்சிருந்தது, குசினிப் பக்கம் வச்ச துண்டில முத்து முத்தா நீர், அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரோட பாத்ரூம். நல்ல காலம் அங்க கண்ணாடி போட வேண்டி வரேல்ல. சுவர் மேடுபள்ளமா இருந்தா இன்னொரு தொல்லை, கண்ணாடியை இழுத்து ஒட்டினா அது வளையும், உருவம் குளத்துத் தண்ணியில தெரியிற மாதிரி நெளியும். மெல்லிய 3 மில்லிமீட்டரில இது கூட. நேரான பலகை ஒண்டைச் சுவரில வச்சுப் பாத்து, இடைவெளி தெரிஞ்ச இடத்தில பாஸை வச்சுப் பூசி எடுத்தன்.

ஆசை யாரை விட்டது, ரெண்டு பக்கமும் போட்டா இன்னும் அகலமாகுமே எண்டு கழட்டின பழைய கண்ணாடியை ஒரு நாள் இடது பக்கச் சுவரில சும்மா சாத்தி வச்சுப் பாத்தன். ஒண்டுக்குள்ள ஒண்டு, அதுக்குள்ள ஒண்டு, போகப் போகப் பாசிப் பச்சையா மங்கிக்கொண்டு ஒரு வரிசையே போகுது. கண்ணாடியில இருக்கிற இரும்புதான் அந்தப் பச்சை, ஒரு தரம் பாக்கேக்க தெரியாது, பத்துத் தரம் போய் வந்தா தெரியும். ரெண்டு நிமிசம் நடுவில நிண்டன், தலை சுத்திட்டு. உடனேயே எடுத்திட்டன்.

ராவுக்குக் கண்ணாடியால ஒரு பிரியோசனமும் இல்லை, திருப்பி அனுப்ப வெளிச்சமே இல்லையே. அதுக்காகக் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில மேல் பாத்து வெளிச்சம் அடிக்கிற மாதிரி ஒரு சுவர் லைற் போட்டன், 9 வாட்ஸ் எல்ஈடி பல்ப். அது சீலிங்கில பட்டு இறங்குது, கண்ணாடிக்குள்ள இன்னொரு லைற் எரியிற மாதிரியும் இருக்கு. முதல்ல வெறும் பல்ப்பைப் போட்டுப் பாத்தம், அது கண்ணாடிக்குள்ளயும் நிண்டு ரெண்டு பக்கத்தாலயும் கண்ணைக் கூசப் பண்ணிச்சு. மூடி போட்டதுதான் சரி.

ரெண்டாம் தரச் செலவு பெயின்ற்றோட சேத்து 47,200, லைற் அதுக்குப் புறம்பு. இந்த ரெண்டாம் தரம் செய்ததை முதல்லயே செய்திருந்தா அந்த 35,800 கையில இருந்திருக்கும், மகளின்ர சைக்கிள் அதுக்குள்ள வந்திருக்கும். இப்ப ஹோல்ல இருந்து பன்னிரண்டு அடி வரைக்கும் பகல்ல லைற் தேவையில்லை, மாமியின்ர அறை வாசல்ல நிண்டு கரண்ட் பில்லை வாசிக்கலாம். அங்கால குசினித் திருப்பத்தில கடைசி ஆறு அடி இன்னும் இருட்டுத்தான், அங்க ஒரு சின்ன பல்ப் நாள் முழுக்க எரியுது. கண்ணாடியால அதைச் சரிபண்ண ஏலாது எண்டு இப்பத் தெரியும், குசினிக் கதவின்ர மேல் பாதியை மங்கல் கண்ணாடியா மாத்தினா வரும் எண்டு பாஸ் சொல்றார், தீபாவளிக்குப் பிறகு பாப்பம்.

பழைய கண்ணாடியில கறை படாத ஒரு துண்டு, ஒண்டரை அடிக்கு ரெண்டு அடி, கடையில வெட்டுவிச்சு மாமியின்ர அறையில மாட்டியிருக்கு. விடிய அதுக்கு முன்னால இருந்துதான் தலை இழுப்பா. "அந்தக் கிழவி இஞ்ச வந்திட்டா" எண்டு ஒரு நாள் சொன்னா, சிரிக்கேல்ல, எனக்கும் அவ பகிடியாச் சொன்னவவோ எண்டு இண்டைக்கும் விளங்கேல்ல.